கடை பேஜை பேஸ்புக் இறக்கிட்டாங்க, கொப்பிரைட் பிரச்சினையாம். திரும்ப எப்படி ஏத்துறது?

நூலும்ஊசியும்_ஹட்டன்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன்ல வீட்டோட சேர்ந்த சின்ன தையல் கடை வச்சிருக்கேன். பிளவுஸ், பிள்ளைகளுக்கு ஃபிரொக் தைச்சுக் கொடுக்கிறேன், சேலையும் விக்கிறேன். 2019ல இருந்து பேஜ் நடத்துறேன், 6,400 பேர் ஃபொலோ பண்றாங்க. பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல இருக்கிறவங்க ஹட்டனுக்கு வந்து போக ஒரு நாள் போயிரும். அதனால அவங்க பேஜ்ல பார்த்துட்டு மெசேஜ் பண்ணுவாங்க, நான் பஸ்ல பார்சல் போட்டு விடுவேன். வருமானத்துல பாதிக்கு மேல இந்தப் பேஜ்லதான்.

வியாழக்கிழமை காலையில பேஜைத் திறந்தா மேல சிவப்புக் கோட்டோட ஒரு அறிவித்தல். பேஜ் பப்ளிஷ்ல இல்லையாம், மத்தவங்க உரிமையுள்ள விஷயங்களைத் திரும்பத் திரும்பப் போட்டதுதான் காரணமாம். என் ஃபோன்ல பேஜ் தெரியுது. என் தங்கச்சி ஃபோன்ல தேடினா அப்படி ஒண்ணே இல்லங்கிற மாதிரி வருது. கீழ மேன்முறையீடு செய்யுற பொத்தான் இருக்கு, இன்னும் அமத்தல.

தீபாவளிக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. 23 பேர் முன்பணம் கொடுத்திருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஸ்கெலியா_கரன்

அக்கா, பயப்படாதீங்க, பேஜ் அழியல. அட்மினுக்கு மட்டும் தெரியுதுன்னா ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஃபொலோவர்ஸ், போஸ்ட் எல்லாம் உள்ளதான் இருக்கும். இது பக்கத்துக் கடைக்காரங்க ஆள் வச்சு ரிப்போர்ட் அடிக்கிற வேலை. நீங்களும் ஒரு ஐம்பது பேரை விட்டு "தப்பா எடுத்துட்டாங்க"ன்னு எழுதச் சொல்லுங்க. மேன்முறையீட்டை இப்பவே அமத்துங்க, லேட் ஆனா போயிரும். அதுக்குள்ள அதே பேர்ல புதுப் பேஜ் ஒண்ணு திறந்து வியாபாரத்தைப் பாருங்க.

தலவாக்கலை_டிசைன்

அக்கா, அமத்தாதீங்க. முதல்ல ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு, அந்த அறிவித்தல்ல கடைசித் திகதி ஏதாச்சும் போட்டிருக்கா. ரெண்டாவது, `facebook.com/support` போனா Support Inbox திறக்கும். பேஜ் பேருக்கு மாறி அதைப் பாருங்க. ஒவ்வொரு படத்தையும் எப்ப எடுத்தாங்க, யார் புகார் கொடுத்தாங்கன்னு தனித்தனியா இருக்கும். உங்க ஈமெயிலுக்கும் வந்திருக்கும், ஸ்பாம் பெட்டியையும் தேடுங்க. கொப்பிரைட் புகார்னா புகார் இலக்கமும், கொடுத்தவர் பேரும், அவரோட ஈமெயிலும் போட்டு அனுப்புவாங்க.

கரன் சொன்னதுல பேஜ் அழியலங்கிறது சரி. மத்தது சரியில்ல. கொப்பிரைட்ல ஆள் எண்ணிக்கைக்கு வேலையே இல்ல. நூறு பேர் ரிப்போர்ட் அடிச்சாலும் படத்தோட உரிமையாளர் ஒருத்தர் ஃபோரம் நிரப்பிக் கொடுக்கிறதுக்கு ஈடாகாது. அதே மாதிரி ஐம்பது பேர் உங்களுக்காக எழுதினாலும் அந்தப் புகார் அசையாது. புதுப் பேஜும் வேணாம். இறக்கின பேஜோட ஆளே அதே கடைக்கு இன்னொண்ணு திறந்தா, தடையைச் சுத்திப் போறதா எடுத்துக்கிட்டு அதையும் இறக்கலாம், உங்க சொந்தக் கணக்குக்கும் ஆபத்து.

நான் பத்துப் பன்னிரண்டு கடைக்கு பேஜ் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி மூணு கேஸ் பார்த்திருக்கேன். ரெண்டு திரும்பி வந்தது. வராத ஒண்ணுல, மனுஷன் அறிவித்தலைப் பார்த்த ராத்திரியே "தயவு செய்து குடும்பம் பாவம்"னு எழுதி அமத்திட்டாரு. மறுபரிசீலனைக்கு நிறைய நேரம் ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும்.

நூலும்ஊசியும்_ஹட்டன்

நன்றி தம்பி. திகதி எதுவும் போடல. ஈமெயில் மகன் திறந்து கொடுத்தது, நான் பார்க்கிறதே இல்ல. இப்ப தேடினா நாலு கிடக்கு, முதலாவது எட்டு மாசத்துக்கு முந்தி வந்தது. பார்த்திருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்.

முதல் ரெண்டும் சூரத்துல சேலை உற்பத்தி பண்ற ஒரே கம்பெனி கொடுத்தது. மூணாவது சென்னையில ஒரு பொட்டிக். மூணுமே சேலைப் படம். புறக்கோட்டையில நான் சரக்கு எடுக்கிற மொத்த வியாபாரி வட்ஸ்அப்ல அனுப்பினது.

நாலாவதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அது நான் தைச்ச ஆரி வேலைப் பிளவுஸ். என் வீட்டு ஜன்னல் பக்கம் வச்சு என் ஃபோன்ல நானே எடுத்த படம். ஓரத்துல என் கத்திரிக்கோல் பிடி கூட தெரியும். யாரோ ஒருத்தர் அது தன்னுடையதுன்னு புகார் கொடுத்திருக்கார். பேர் கேள்விப்பட்டதே இல்ல.

பண்டாரவளை_கேக்

எனக்கும் இதே பிரச்சினைதான். ரெண்டு மாசமா பூஸ்ட் பண்ண முடியல, கட்டுப்பாடு போட்டிருக்குன்னு வருது. கேக் ஓடர் எல்லாம் குறைஞ்சு போச்சு. எனக்கும் இதே வழிதானா?

தலவாக்கலை_டிசைன்

பண்டாரவளை அக்கா, உங்க பேஜ் மத்தவங்களுக்குத் தெரியுதுதானே? அப்ப உங்களுக்கு விளம்பரக் கணக்குலதான் கட்டுப்பாடு, பேஜ்ல இல்ல. அது விளம்பர விதிகள் சம்பந்தப்பட்டது, `business.facebook.com/business-support-home` போய் எந்தக் கணக்குல அடையாளம் போட்டிருக்குன்னு பாருங்க. தனி இழை திறங்க, அங்க வர்றேன். இங்க கலந்தா ரெண்டும் குழம்பும்.

ஹட்டன் அக்கா, உங்க நிலைமை நான் பயந்த அளவுக்கு மோசமில்ல. பேஜை இறக்கினது ஒரு தனித் தண்டனைன்னு நினைக்காதீங்க, அது நாலு புகாரோட கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையைப் பத்தி வாதாடினா ஒண்ணும் நடக்காது. கீழ இருக்கிற எண்ணைக் குறைக்கணும். ஒரு புகாரைக் கொடுத்தவரே வாபஸ் வாங்கினா, அது உங்க பேர்ல எண்ணப்படாது. அதனால மேன்முறையீட்டுக்கு முந்தி அந்த மூணு சேலைப் புகாருக்கும் ஆட்களுக்கு எழுதுங்க.

கொட்டகலை_டீச்சர்

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. மொத்த வியாபாரிதான் படத்தை அனுப்பி "இதைப் போட்டு விற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். இவர் திருடவில்லை. உண்மையான சேலை, காசு கொடுத்து வாங்கிய சரக்கு. அப்படியானால் இவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? நான் வாங்கிய பொருளின் படத்தை நான் போடக் கூடாதா?

தலவாக்கலை_டிசைன்

டீச்சர், சேலை வேற, சேலையோட படம் வேற. சேலையைக் காசு கொடுத்து வாங்கினா அதை விக்கலாம், நீங்களே படம் எடுத்துப் போடலாம், யாரும் கேக்க முடியாது. ஆனா மொடல் உடுத்தி நிக்கிற அந்தப் படம் எடுத்தவருக்கோ எடுக்க வச்ச கம்பெனிக்கோ சொந்தம். நம்ம நாட்டு 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துலயும் புகைப்படத்துக்குப் பாதுகாப்பு இருக்கு. மொத்த வியாபாரி தன்கிட்ட இல்லாத அனுமதியைக் கொடுக்க முடியாது. அவருக்கும் இன்னொருத்தர் அனுப்பியிருப்பார்.

அக்காகிட்ட கெட்ட எண்ணம் இல்லங்கிறது எனக்குத் தெரியும். ஆனா "எனக்கு ஒருத்தர் அனுப்பினாரு"ங்கிறது மேன்முறையீட்டுல காரணமா நிக்காது. அந்தக் கம்பெனிக்கு எழுதுற கடிதத்துல மட்டும் அது உதவும், ஏன்னா அங்க வாசிக்கிறது ஒரு மனுஷர்.

கொட்டகலை_டீச்சர்

விளங்குகிறது. ஆனாலும் தண்டனை கடைசிக் கையில் இருக்கிறவருக்கு மட்டும் விழுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். மொத்த வியாபாரிக்கு இதில் ஒரு பங்கும் இல்லையா?

நூலும்ஊசியும்_ஹட்டன்

டீச்சர், அவருக்குக் கோல் எடுத்தேன். "எல்லாரும் போடுறாங்க, உங்களுக்கு மட்டும் ஏன்"னு சொல்லி வச்சிட்டார்.

தம்பி, அந்தக் கம்பெனிக்கு என்னன்னு எழுதுறது? தமிழ்லயே எனக்குக் கடிதம் எழுத வராது.

தலவாக்கலை_டிசைன்

சுருக்கமா எழுதுங்க. ஈமெயில் தலைப்புலயே புகார் இலக்கத்தைப் போடுங்க, அவங்க அதை வச்சுத்தான் தேடுவாங்க. உள்ள நாலு விஷயம் போதும்: நீங்க யாரு, எந்தப் படம், அதை எப்படிப் போட்டீங்க, இப்ப என்ன செஞ்சுட்டீங்க. அதுக்கப்புறம் கேக்க வேண்டியதை நேரா கேளுங்க. "பேஸ்புக்கிலிருந்து உங்களுக்கு வந்த ஈமெயிலுக்கே பதில் போட்டு, இந்த இலக்கப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுத முடியுமா?" இந்த வரி முக்கியம். நிறையப் பேருக்கு வாபஸ் வாங்குற வழியே தெரியாது. மனசு இருந்தும் செய்யாம விட்டுருவாங்க.

வக்கீல் தோரணை வேணாம், கெஞ்சலும் வேணாம். அவங்க சேலையை விக்கிற கடை நீங்க, அதை மறைக்காதீங்க.

ஆனா கடிதம் அனுப்புறதுக்கு முந்தி, பேஜ்ல மிச்சமிருக்கிற மத்தவங்க படம் எல்லாத்தையும் எடுங்க. கடிதம் கிடைச்சதும் அவங்க உங்க மத்த இடங்களையும் பார்ப்பாங்க. பேஜ் திரும்பி வந்த அடுத்த வாரமே பழைய படம் ஒண்ணுக்குப் புகார் வந்தா, ரெண்டாவது தடவை காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்.

மஸ்கெலியா_கரன்

அதுதான் நானும் சொல்ல வந்தேன். புகார் வந்த நாலு படத்தையும் டிலீட் பண்ணிட்டா ஸ்ட்ரைக்கும் போயிரும்தானே? இல்லாட்டியும் ஸ்ட்ரைக் ஒரு வருஷத்துல தானா காலாவதி ஆகும்னு வாசிச்சிருக்கேன்.

தலவாக்கலை_டிசைன்

அந்த நாலையும் அவங்களே எடுத்துட்டாங்க, இனி டிலீட் பண்ண ஒண்ணும் இல்ல. எடுத்தாலும் கணக்கு கணக்குத்தான். நான் சொல்றது இன்னும் புகார் வராத மிச்சப் படங்களை.

ஒரு வருஷ விஷயம் நீங்க வாசிச்சது சரிதான். ஆனா அது சமூக விதிகளை மீறினதுக்கு விழுற ஸ்ட்ரைக். கொப்பிரைட்டைத் திரும்பத் திரும்ப மீறுறவங்களுக்குத் தனி விதி. அதை நம்பிக் கைகட்டி உட்காரக் கூடாது.

நூலும்ஊசியும்_ஹட்டன்

மூணு ராத்திரியா இதே வேலைதான். அஞ்சு வருஷத்துப் போஸ்ட், எது நான் எடுத்தது எது வந்ததுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. மகன் ஒரு வழி கண்டுபிடிச்சான். ஃபோன் கேலரியில படத்தோட பேரைப் பார்த்தா, வட்ஸ்அப்ல வந்ததுன்னா இப்படி இருக்கு:

```
IMG-20210914-WA0007.jpg
```

நடுவுல WA இருந்தா வந்த படம். என் கெமராவுல எடுத்ததுல அந்த WA இல்ல. ஒரு பக்கம் கேலரி, ஒரு பக்கம் பேஜ்னு ரெண்டு ஃபோனை வச்சுப் பார்த்தோம். 214 படம் எடுத்தாச்சு. பேஜ் இறங்கியிருந்தாலும் எனக்கு உள்ள போய் எடுக்க முடிஞ்சது.

எடுக்க எடுக்க ஒண்ணு கவனிச்சேன். நான் ஜன்னல் பக்கம் வச்சு எடுத்த சாதாரணப் படங்களுக்குத்தான் கொமென்ட் அதிகம். மொடல் படத்துக்கு லைக் வந்திருக்கு, ஆனா "விலை என்ன அக்கா"ன்னு கேட்டது ஜன்னல் படத்துக்குத்தான்.

முன்பணம் கொடுத்த 23 பேருக்கும் ஒவ்வொருத்தரா கோல் எடுத்துச் சொன்னேன். ஒருத்தர் மட்டும் காசைத் திருப்பிக் கேட்டாங்க, கொடுத்துட்டேன்.

தலவாக்கலை_டிசைன்

நல்ல வேலை அக்கா. WA பேர் நல்ல அடையாளம், ஆனா முழுசா நம்பாதீங்க. உங்க தங்கச்சி எடுத்து உங்களுக்கு வட்ஸ்அப்ல அனுப்பின சொந்தப் படத்துக்கும் அதே பேர்தான் வரும்.

இன்னொண்ணு. அந்த ஆரி பிளவுஸ் படத்தோட ஒரிஜினல் ஃபோன்ல இருக்கா? அதைத் தொடாதீங்க, வெட்டாதீங்க, நிறம் மாத்தாதீங்க. எடுத்த நாள், நேரம், எந்த ஃபோன்ங்கிறது எல்லாம் அந்த ஃபைலுக்குள்ள பதிஞ்சிருக்கும். வட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அந்த விபரம் போயிரும், அனுப்பித்தான் ஆகணும்னா டொகியுமென்டா அனுப்புங்க. அதே பிளவுஸை வேற கோணத்துல எடுத்த படங்கள் இருந்தா அதையும் பத்திரப்படுத்துங்க. ஒரு படத்தை யாரும் எடுத்துப் போகலாம். எடுத்தவர்கிட்ட மட்டும்தான் முன்னப் பின்ன எடுத்த நாலு படம் இருக்கும்.

நூலும்ஊசியும்_ஹட்டன்

இருக்கு தம்பி, ஏழு படம். ஒண்ணுல என் மகள் கை விழுந்து மங்கலா இருக்கு.

இப்ப ஒரு அவசரக் கேள்வி. மெசெஞ்சர்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு. பேஸ்புக் அடையாளம் போட்டிருக்கு, பேரு "Page Appeal Center". 24 மணித்தியாலத்துக்குள்ள லிங்கைத் தட்டி உறுதிப்படுத்தலன்னா பேஜை நிரந்தரமா அழிப்பாங்களாம். இதைத்தான் தட்டணுமா?

தலவாக்கலை_டிசைன்

தட்டாதீங்க!

நுவரெலியா_கார்டன்

அக்கா, கையை எடுங்க. என் பூச்செடிப் பேஜ் போனதே இப்படித்தான். இதே பேர் இல்ல, ஆனா இதே 24 மணித்தியாலம், இதே அடையாளம். தட்டினேன், பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம் வந்துச்சு, பாஸ்வேர்ட் போட்டேன், ஃபோனுக்கு வந்த கோடையும் போட்டேன். பத்து நிமிஷத்துல என்னை அட்மின்ல இருந்து தூக்கிட்டாங்க. இப்ப என் பேஜ்ல என்னென்னமோ வீடியோ ஓடுது. நாலு வருஷம் வளர்த்த பேஜ், இன்னும் திரும்பக் கிடைக்கல.

தலவாக்கலை_டிசைன்

உங்களுக்கு நடந்தது ரொம்ப வருத்தம் அண்ணே. அது வேற வழக்கு, கணக்குத் திருட்டு. `facebook.com/hacked` வழியாப் போகணும். செஞ்சு பார்க்கலன்னா சொல்லுங்க.

ஹட்டன் அக்கா, உண்மையான அறிவித்தல் உங்க Support Inboxல இருக்கும். மெசெஞ்சர்ல ஒரு பேஜ் மெசேஜ் போடுற மாதிரி வராது. ஈமெயில்னா, பேஸ்புக் அமைப்புகள்ல பாஸ்வேர்ட், பாதுகாப்புப் பகுதியில் சமீபத்துல அவங்க உங்களுக்கு அனுப்பின ஈமெயில்களோட பட்டியல் இருக்கு. அதுல இல்லாத ஈமெயில் அவங்க அனுப்பினது இல்ல. பேஜ் இறங்கி இருக்கிற நேரத்துல மனசு பதறும், அந்தப் பதட்டத்தை வச்சுத்தான் இவங்க வலை விரிக்கிறாங்க. ரெண்டு கட்ட உறுதிப்படுத்தல் போட்டிருக்கீங்களா? இல்லன்னா இன்னைக்கே போடுங்க.

நூலும்ஊசியும்_ஹட்டன்

போட்டாச்சு. அந்த மெசேஜை ரிப்போர்ட் பண்ணிட்டு அழிச்சாச்சு. நுவரெலியா அண்ணே, எழுதினதுக்குப் பெரிய நன்றி. நான் தட்டத்தான் போனேன்.

கடிதம் ரெண்டு அனுப்பிட்டேன். மகள் இங்கிலீஷ்ல எழுதினாள். கருத்து இதுதான்: "நான் இலங்கையில் ஹட்டன் நகரில் தையல் கடை நடத்துகிறேன். உங்கள் சேலையைக் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கிறேன். அவர் அனுப்பிய படத்தை உங்கள் அனுமதி இல்லாமல் என் பேஜில் போட்டது என் தவறு. உங்கள் படங்கள் எல்லாவற்றையும், மற்றவர்களின் படங்களையும் எடுத்துவிட்டேன். இனி நானே எடுத்த படத்தை மட்டுமே போடுவேன். இந்த இலக்கப் புகார்களைத் திரும்பப் பெற முடியுமா?" அதுக்குக் கீழ தம்பி சொன்ன வரி.

கொட்டகலை_டீச்சர்

மகள் நன்றாக எழுதியிருக்கிறாள். "தவறு" என்று ஒரு சொல்லில் முடித்தது நல்லது.

நூலும்ஊசியும்_ஹட்டன்

ரெண்டு நாள்ல சூரத் கம்பெனியில இருந்து பதில்! ரெண்டு புகாரையும் வாபஸ் வாங்கிட்டாங்க. இலங்கையில தங்கட சேலை விக்குதுன்னு தெரியாதாம், எந்த வியாபாரிகிட்ட வாங்குறேன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிக்கிறேன்.

வாபஸ் வாங்கினதும் அந்த ரெண்டு படமும் தானா பேஜுக்குள்ள திரும்பி வந்திருக்கு. எடுத்துட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே, அதனால கையோட நானே திரும்ப எடுத்துட்டேன்.

சென்னை பொட்டிக்ல இருந்து பதில் இல்ல.

தலவாக்கலை_டிசைன்

திரும்பி வந்ததை எடுத்தது ரொம்பச் சரி. நிறையப் பேர் அதைக் கவனிக்க மாட்டாங்க.

சென்னைக்கு நாலு நாள் விட்டு இன்னொரு தடவை எழுதுங்க, அதே ஈமெயிலுக்கு மேலேயே. அவங்க பேஜுக்கு மெசேஜ் போட்டும் பார்க்கலாம், ஆனா கொமென்ட்ல போய் எழுதாதீங்க. நாலு பேர் பார்க்கிற இடத்துல கேட்டா எவரும் இறங்கி வர மாட்டாங்க.

நாலாவதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மேன்முறையீட்டுல ஆதாரத்தோட சொல்றது. இன்னொண்ணு எதிர் அறிவித்தல், திரையில counter-notification னு இருக்கும். புகார் அமெரிக்காவோட 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் கொப்பிரைட் சட்டத்துக்குக் கீழ வந்திருந்தா அந்த வழி திறந்திருக்கும், உங்களுக்கு வந்த ஈமெயில்லயே சொல்லியிருப்பாங்க. அதை நிரப்பினா புகார் கொடுத்தவருக்கு அனுப்புவாங்க. அவர் நீதிமன்றம் போனதாக் காட்டலன்னா 10 முதல் 14 வேலை நாளுக்குள்ள படம் திரும்பும்.

ஆனா அது சத்தியக் கடதாசி மாதிரி. பொய் சொன்னா தண்டனைக்கு உட்பட்டவர்னும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்தை ஏத்துக்கிறேன்னும் எழுதிக் கொடுக்கணும். சேலைப் படத்துக்கெல்லாம் கனவுலயும் நிரப்பிடாதீங்க. பிளவுஸுக்கு உங்க பக்கம் உண்மை இருக்கு.

மஸ்கெலியா_கரன்

அப்ப உடனே நிரப்புங்க அக்கா. சொந்தப் படத்துக்குப் பயப்பட என்ன இருக்கு? ஏழு படம் வேற இருக்கு.

நூலும்ஊசியும்_ஹட்டன்

நிரப்பத்தான் உட்கார்ந்தேன் கரன். அதுல பேர், முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் கேக்குது, அது அந்த ஆளுக்கும் போகுமாம். அவர் யாருன்னே தெரியல. கடையும் வீடும் ஒண்ணு. பகல்ல நானும் மகளும்தான் இருக்கோம். மனசு ஒப்பல.

கொட்டகலை_டீச்சர்

ஒப்பாததில் பிழையே இல்லை. ஒரு படத்துக்காக வீட்டு முகவரியை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க நானும் சம்மதிக்க மாட்டேன்.

மஸ்கெலியா_கரன்

டீச்சர், பேஜ்லயே கடை முகவரி போட்டிருக்குமே? அது ஊருக்கே தெரிஞ்சதுதானே. விட்டுக் கொடுத்தா நாளைக்கு அந்த ஆள் இன்னொரு பிளவுஸ் படத்தைத் தூக்குவான்.

தலவாக்கலை_டிசைன்

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எதிர் அறிவித்தலை அக்கா பிறகு யோசிக்கலாம். இப்ப பேஜ் வரணும். ரெண்டு புகார் போயிருச்சு, மூணாவதும் போனா மிச்சம் ஒண்ணுதான், அதுக்கும் ஆதாரம் இருக்கு. அந்த நிலைமையில மேன்முறையீடு பண்ணுங்க.

நூலும்ஊசியும்_ஹட்டன்

சென்னை பொட்டிக்கும் வாபஸ் வாங்கிட்டாங்க, ரெண்டாவது ஈமெயிலுக்குப் பிறகு. ஒரே வரிப் பதில்தான், ஆனா செஞ்சுட்டாங்க.

மேன்முறையீட்டுக்கு இப்படி எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க:

"மூன்று புகார்கள் (இலக்கங்கள் கீழே) உரிமையாளர்களாலேயே திரும்பப் பெறப்பட்டுள்ளன. அவர்களின் பதில்களை இணைத்துள்ளேன். நான்காவது புகாரில் உள்ள படம் நான் தைத்த பிளவுஸை நானே எடுத்தது. ஒரிஜினல் படத்தையும் அதே நாளில் எடுத்த வேறு படங்களையும் இணைத்துள்ளேன். மற்றவர்களின் படங்கள் 214ஐப் பேஜிலிருந்து நீக்கிவிட்டேன். பேஜை மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தீபாவளியைப் பத்தி எழுதினேன், பிறகு வெட்டிட்டேன்.

தலவாக்கலை_டிசைன்

வெட்டினது சரி. வாசிக்கிறவருக்கு ஒரு நிமிஷம்கூட இருக்காது, அவர் பார்க்க வேண்டியது எல்லாம் இதுல இருக்கு. சில பேருக்குப் பெட்டியில இணைக்க இடம் இருக்காது. அப்படின்னா புகார் இலக்கங்களை எழுத்துலயே போடுங்க, ஆதாரத்தை உங்களுக்கு வந்த அந்தக் கொப்பிரைட் ஈமெயிலுக்குப் பதிலா அனுப்புங்க. இப்ப அமத்துங்க அக்கா. அமத்தின பிறகு ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க.

நூலும்ஊசியும்_ஹட்டன்

பெட்டியில எழுத்து மட்டும்தான் போட முடிஞ்சது. படங்களை ஈமெயிலுக்குப் பதிலா அனுப்பிட்டேன். அமத்தியாச்சு.

பண்டாரவளை_கேக்

அக்கா, என்ன ஆச்சு? தினமும் வந்து பார்த்துட்டுப் போறேன். என் விளம்பரக் கணக்குக்கு அடையாள அட்டை கேட்டிருக்காங்க, அனுப்பியிருக்கேன். கார்ட்டூன் கேக் படத்தையெல்லாம் என்ன செய்யுறதுன்னு இப்ப எனக்கும் யோசனையா இருக்கு.

நூலும்ஊசியும்_ஹட்டன்

ஆறாவது நாள் விடிய 5 மணிக்கு தங்கச்சி கோல். அவ ஃபோன்ல பேஜ் தெரியுதாம்! எழும்பிப் பார்த்தேன், சிவப்புக் கோடு போயிருச்சு. 6,400ல ஒரு 30 பேர் குறைஞ்சிருக்காங்க, மத்தபடி கொமென்ட், மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கு. தீபாவளிக்கு இன்னும் 17 நாள் இருக்கு.

ஆனா Page statusல நாலாவது புகார் இன்னும் அப்படியே நிக்குது, பிளவுஸ் படம் வரல. எதிர் அறிவித்தலைப் பத்தி இன்னும் முடிவெடுக்கல. தங்கச்சி அவ வேலை செய்யுற இடத்து முகவரியைப் போடலாம்ங்கிறா. அது சரியா தம்பி?

தலவாக்கலை_டிசைன்

ரொம்பச் சந்தோஷம் அக்கா! முகவரி உங்களுக்குக் கடிதம் வந்து சேருற உண்மையான இடமா இருக்கணும். வழக்கு கிழக்குன்னு வந்தா அறிவித்தல் அங்கதான் வரும். தங்கச்சியோட வேலை இடம் அதுக்குச் சரிவருமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல. அவசரப்பட வேணாம், ஹட்டன்லயே ஒரு சட்டத்தரணியைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

பேஜோட ஒரு பிரதியை இப்பவே இறக்கி வச்சுக்குங்க, அமைப்புகள்ல பேஜ் தகவலைத் தரவிறக்குற இடம் இருக்கு. ஈமெயிலை உங்க ஃபோன்லயும் போட்டு வைங்க, மகன் ஃபோன்ல மட்டும் வேணாம்.

நூலும்ஊசியும்_ஹட்டன்

போட்டாச்சு. ஜன்னல் பக்கம் வெள்ளைத் துணி ஒண்ணு கட்டியிருக்கேன், இனி எல்லாப் படமும் அங்கதான். காலையில மிஸ்ட் விலகி 9 மணிக்குப் பிறகு நல்ல வெளிச்சம் வருது. இன்னைக்கு அஞ்சு சேலை எடுத்துப் போட்டேன், ரெண்டு போயிருச்சு.

சூரத் கம்பெனிக்கு வியாபாரியோட பேரைச் சொல்லல. அவங்ககிட்டயே நேரா சரக்கு எடுக்க முடியுமான்னு கேட்டு எழுதியிருக்கேன்.

கொட்டகலை_டீச்சர்

பதில் வந்தால் இங்கேயே எழுதுங்கள். எனக்கும் ஒரு சேலை வேண்டும், ஜன்னல் படத்தில் மூன்றாவதாக இருக்கிற பச்சை.

நூலும்ஊசியும்_ஹட்டன்

எடுத்து வச்சிட்டேன் டீச்சர். சனிக்கிழமை கொட்டகலை பஸ்ல போட்டு விடுறேன்.